அரசு நிலம் என்றால் ஏரியைக் குத்தகைக்கு விடலாமா?

கேள்வி: வணக்கம் மேடம். மாதவரத்துக்கும் மணலிக்கும் நடுவில் குடியிருக்கிறோம். எங்கள் ஏரி பதிவேட்டில் 38 ஏக்கர். அதில் மேற்கு ஓரம், வெயில் காலத்தில் தண்ணீர் நிற்காத 5 ஏக்கரை, ஒரு தனியார் கன்டெய்னர் யார்டுக்கு 30 வருடக் குத்தகைக்கு விடப் போவதாக நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். ஆபீஸில் கேட்டால், "இது அரசு நிலம், இப்போது பாசனமும் கிடையாது, டெண்டர் விட்டுத்தான் கொடுக்கிறோம்" என்கிறார்கள். அரசு தன் நிலத்தை யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாமா? இன்னொன்று. அதே ஏரிக்கரையில் நாற்பது வீடுகள் இருக்கின்றன, என் தங்கை வீடும் அதில் ஒன்று. பட்டா இல்லை, வீட்டு வரி, கரண்ட் எல்லாம் இருக்கிறது. நாங்கள் வழக்குப் போட்டால் அந்த வீடுகளுக்கு ஆபத்து வருமா?
– ஒரு வாசகர், வட சென்னை

பதில்:

வணக்கம். முதல் கேள்விக்குப் பதில், கொடுக்கக் கூடாது. இரண்டாவது கேள்விக்குப் பதில், ஆபத்து வரலாம். இரண்டுக்கும் அடிப்படை ஒரே சட்டக் கருத்துதான். அதனால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட முடியாது.

'அரசு நிலம்' என்று அவர்கள் சொன்னதில் தவறில்லை. தமிழ்நாடு நில ஆக்கிரமிப்புச் சட்டம் 1905-இல் வந்தது. ஆறு, ஓடை, ஏரி, குளம், கால்வாய், கழிமுகம், ஓடுகிற நீர், நிற்கிற நீர் எல்லாம் அரசின் சொத்து என்று அதன் 2-வது பிரிவு சொல்கிறது. ஆனால் அதே பிரிவு, பொதுமக்களுக்கு உள்ள உரிமைகளுக்கும் பக்கத்து நிலக்காரர்களுக்கு இயற்கையாக உள்ள உரிமைகளுக்கும் உட்பட்டுத்தான் அந்தச் சொத்துரிமை என்றும் சொல்கிறது. வெள்ளைக்காரர் காலத்துச் சட்டம்கூட ஏரியை அரசுக்கு முழுச் சொத்தாக எழுதிக் கொடுக்கவில்லை. ஆபீஸில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் முதல் பாதியை மட்டும்தான் சொல்வார்கள்.

இந்த இரண்டாவது பாதியைத்தான் உச்ச நீதிமன்றம் பிற்பாடு 'பொது நம்பிக்கைக் கோட்பாடு' என்று விரிவாக நிலைநாட்டியது. கோயில் நிலத்துக்குத் தர்மகர்த்தா எப்படியோ, நீர்நிலைக்கு அரசு அப்படி. கையெழுத்துப் போடும் அதிகாரம் அவரிடம் இருக்கிறது, ஆனால் நிலம் அவருடையதல்ல. யாருக்காகப் பொறுப்பேற்றாரோ அவர்களுக்கு விரோதமாகக் கையெழுத்துப் போட்டால் அது செல்லாது. ஏரி விஷயத்தில் அந்த 'யாருக்காக' என்பது நீங்களும் உங்கள் பேரப் பிள்ளைகளும்தான்.

இந்தியாவில் இதை முதன்முதலில் தெளிவாகச் சொன்ன தீர்ப்பு 1996 டிசம்பரில் வந்தது. எம்.சி.மேத்தா எதிர் கமல்நாத் என்ற வழக்கு. இமாச்சலப் பிரதேசத்தில் பியாஸ் நதிக்கரையில் ஒரு தனியார் மோட்டல் இருந்தது. அதற்குப் பக்கத்தில் இருந்த காட்டு நிலத்தை அரசு குத்தகைக்குக் கொடுத்தது. தன் கட்டடத்தை வெள்ளத்திலிருந்து காப்பாற்றிக்கொள்ள மோட்டல்காரர்கள் புல்டோசர் வைத்து ஆற்றின் போக்கையே திருப்பினார்கள். அந்த நிலத்தைக் கொடுத்ததே நம்பிக்கை மீறல் என்று சொல்லி நீதிமன்றம் குத்தகையை ரத்து செய்தது. ஆற்றையும் கரையையும் பழைய நிலைக்குக் கொண்டுவர ஆகும் செலவை மோட்டல் ஏற்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. அதுவும் விற்பனை இல்லை, குத்தகைதான் என்பதைக் கவனியுங்கள். "நாங்கள் விற்கவில்லையே, 30 வருடத்துக்குத்தானே கொடுக்கிறோம்" என்று உங்களிடம் சொன்னால், இந்த வழக்கைக் காட்டலாம்.

ஜோசப் சாக்ஸ் என்ற அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் 1970-இல் எழுதிய ஒரு கட்டுரையை அந்தத் தீர்ப்பு எடுத்துக்காட்டுகிறது. பொறுப்பில் உள்ள அரசுக்கு மூன்று கட்டுப்பாடுகள் உண்டு என்கிறார் அவர். அந்தச் சொத்து பொதுக் காரியத்துக்குப் பயன்படுவதோடு பொதுமக்கள் பயன்படுத்தும்படியும் இருக்க வேண்டும்; நல்ல விலை கிடைத்தாலும் விற்கக் கூடாது; எந்த வகைப் பயனுக்காக அது இருக்கிறதோ அந்த வகைப் பயனுக்கே காப்பாற்றி வைக்க வேண்டும். உங்கள் 5 ஏக்கரை இந்த மூன்றிலும் வைத்துப் பாருங்கள். கன்டெய்னர் யார்டுக்குச் சுற்றுச்சுவரும் கேட்டும் வரும், உள்ளே யாரும் போக முடியாது. கொடுப்பதற்குச் சொல்லும் காரணம் வாடகை வருமானம். மண் கொட்டி மேடாக்கி, டிரெய்லர் எடையைத் தாங்கும்படி தளம் போட்டால், தண்ணீர் நிற்கும் இடம் என்ற பயனே போய்விடும். மூன்றிலும் தவறுகிறது.

டெண்டர் விட்டார்கள் என்பது இதற்குப் பதிலாகாது. இந்த இடத்தில் படித்தவர்களே குழம்புகிறார்கள். 2ஜி அலைக்கற்றை வழக்குக்குப் பிறகு, இயற்கை வளங்களை ஏலத்தில் மட்டும்தான் கொடுக்க வேண்டுமா என்று குடியரசுத் தலைவர் உச்ச நீதிமன்றத்திடம் கருத்துக் கேட்டார். ஏலம் ஒன்றுதான் வழி என்று கட்டாயமில்லை, ஆனால் எந்த வழியில் கொடுத்தாலும் அது நியாயமாகவும் பொது நன்மைக்காகவும் இருக்க வேண்டும் என்று 2012 செப்டம்பரில் நீதிமன்றம் கருத்துச் சொன்னது. அந்த விவாதம் முழுக்க, கொடுக்கத் தக்க ஒரு வளத்தை எந்த முறையில் கொடுப்பது என்பதைப் பற்றியது. உங்கள் ஏரியில் கேள்வி அதற்கு முந்தியது. கொடுக்கவே கூடாத ஒன்றை வெளிப்படையாக டெண்டர் விட்டுக் கொடுத்தாலும் அது கொடுக்கக் கூடாததுதான். உங்கள் மனுவில் இந்த இரண்டையும் கலந்து, "டெண்டரில் முறைகேடு" என்று எழுதிவிடாதீர்கள். அப்படி எழுதினால் டெண்டரை மறுபடி ஒழுங்காக நடத்தி அதே 5 ஏக்கரைக் கொடுத்துவிடுவார்கள், உங்கள் வாதமும் அங்கேயே முடிந்துவிடும்.

"பாசனம் இல்லை, அந்த ஓரத்தில் தண்ணீரே நிற்பதில்லை" என்பதுதான் அவர்களுடைய பெரிய வாதமாக இருக்கும். வட சென்னையில் ஏறக்குறைய எல்லா ஏரிக்கும் இதைச் சொல்லலாம். ஏரி நீர் பாய்ந்த ஆயக்கட்டு நிலமெல்லாம் மனையாகவும் கம்பெனியாகவும் மாறிப் பல வருடங்கள் ஆகின்றன. ஆனால் ஏரியின் வேலை பாசனத்தோடு முடிவதில்லை. மழைநீரைப் பிடித்து வைப்பதும் நிலத்தடியில் இறக்குவதும் அதன் வேலைதான். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கிற பகுதியில் நிலத்தடி நல்ல நீர் குறைந்தால் உப்பு நீர் உள்ளே ஏறும். மீஞ்சூர் பக்கத்துக் கிணறுகளில் நாம் பார்த்தது அதைத்தான்.

நீதிமன்றங்களும் இந்த வாதத்தை ஏற்றுக்கொண்டதில்லை. ஹிஞ்ச் லால் திவாரி வழக்கு என்று 2001-இல் ஒரு தீர்ப்பு இருக்கிறது. உத்தரப் பிரதேசக் கிராமம் ஒன்றில், குளம் என்று பதிவான நிலத்தின் ஒரு பகுதியை வீட்டுமனையாகக் கொடுத்திருந்தார்கள். அந்தப் பகுதி குளத்தின் தன்மையை இழந்துவிட்டது என்பதுதான் மனை வாங்கியவர்களின் வாதம். குளம் இருக்கிறது, மழைக்காலத்துக்கு ஏற்ப அதன் பரப்பு கூடும் குறையும், அப்படியிருக்க அதில் எந்தப் பகுதியையும் யாருக்கும் கொடுத்திருக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மே மாதத்தில் போய் நின்று பார்த்து 'தண்ணீர் நிற்காத இடம்' என்று எழுதும் ஆய்வறிக்கைகளுக்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரிந்து இல்லை.

அடுத்தது திருப்பதி வழக்கு. 2006-இல் தீர்ப்பான இன்டலெக்சுவல்ஸ் ஃபோரம் வழக்கு. அவிலாலா, பேரூரு என்ற இரண்டு ஏரிகளை அரசு குடியிருப்புகளுக்குக் கொடுத்தது. ஏரிகள் தூர்ந்துவிட்டன, ஊர் வளர்ந்துவிட்டது என்பதுதான் அங்கேயும் காரணம். ஏரி பொது நம்பிக்கைச் சொத்து, அதைக் காப்பது அரசின் கடமை என்று நீதிமன்றம் உறுதியாகச் சொன்னது. ஆனால் அதற்குள் நிறைய வீடுகள் எழும்பிவிட்டன. அதனால் இடிக்க உத்தரவிடவில்லை. மேற்கொண்டு கட்டக் கூடாது, ஒவ்வொரு வீட்டிலும் மழைநீர் சேமிப்பு வேண்டும், வரத்துக் கால்வாயைச் சீராக்க வேண்டும் என்று மட்டும் நிபந்தனை போட்டது. கொள்கை வென்றது, ஏரியில் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கவில்லை. உங்களுக்கு இப்போது நோட்டீஸ்தான் வந்திருக்கிறது, ஒரு லோடு மண்கூட விழவில்லை. அந்தத் திருப்பதிக்காரர்களுக்குக் கிடைக்காத நேரம் இது. அதை வீணாக்கக் கூடாது என்று உரிமையோடு சொல்கிறேன்.

சரி, அந்த 5 ஏக்கர் ஏரிதான் என்பதை எப்படி நிரூபிப்பது? சட்டம் பேசுவதற்கு முன் அளவு பேச வேண்டும். ஏரி நிரம்பினால் உபரி வழிகிற கலிங்கல் ஒன்று இருக்கும். அதன் மேல்மட்டம்தான் ஏரியின் முழுக் கொள்ளளவு மட்டம். ஆட்டோ லெவல் கருவி வைத்திருக்கும் ஒரு சர்வேயரை ஒரு நாள் கூட்டிப் போய், கலிங்கலின் மேல்மட்டத்தையும் அந்த 5 ஏக்கரின் தரைமட்டத்தையும் பத்துப் பதினைந்து இடங்களில் எடுக்கச் சொல்லுங்கள். தரை கலிங்கலைவிடத் தாழ்வாக இருந்தால், ஏரி நிரம்பும்போது அங்கே தண்ணீர் நிற்கும். அப்படியானால் அது ஏரியின் படுகைதான். கோடையில் காய்வது அதை மாற்றாது.

ஒரு கணக்குக்காக, சராசரியாக மூன்று அடி தாழ்வு என்று வைத்துக்கொள்வோம். 5 ஏக்கரில் மூன்று அடி என்றால் சுமார் 18,500 கன மீட்டர், அதாவது 1 கோடியே 85 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் ஆயிரத்து ஐந்நூறு லோடுக்கு மேல். அந்த இடத்தை மேடாக்கினால் இந்தத் தண்ணீர் வேறு எங்காவது போயாக வேண்டும். கலிங்கலும் அதற்குப் பிறகு வரும் வாய்க்காலும் சுத்தமாக இருந்தால் கீழே உள்ள தெருக்களுக்குப் போகும். கலிங்கல் குப்பையால் அடைபட்டிருந்தால், மீதி 33 ஏக்கரில் பரவி ஏரி மட்டம் ஏறக்குறைய அரை அடி உயரும். அரை அடி உயர்ந்தால் முதலில் யார் வீட்டுக்குள் வரும்? கரையில் இருக்கிற உங்கள் தங்கை வீட்டுக்குள்தான். 2015 வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் அந்த மேற்கு ஓரத்தில் தண்ணீர் நின்ற போட்டோ யாரிடமாவது இருக்கும். போனில் எடுத்ததாக இருந்தால் தேதியும் அதிலேயே பதிந்திருக்கும். போட்டோவை மட்டும் வாங்காமல், எடுத்தவர் பெயரில் ஒரு பிரமாணப் பத்திரமும் வாங்கி வையுங்கள்.

அப்புறம் பதிவேடு. eservices.tn.gov.in தளத்தில், ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம் என்று காட்டும் அ-பதிவேடு எடுத்துப் பாருங்கள். உங்கள் பகுதி நகர நில அளவைக்கு மாறியிருந்தால் நகர நில அளவைப் பதிவேடு கிடைக்கும். பழைய பதிவில் 'ஏரி' என்று இருந்த சர்வே எண், புதிய பதிவில் உட்பிரிவு செய்யப்பட்டு ஒரு துண்டு மட்டும் 'தரிசு' என்றோ 'அரசு புறம்போக்கு' என்றோ மாறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏரியைக் கொடுப்பதற்கு முன் பெரும்பாலும் இந்த வேலை சத்தமில்லாமல் நடந்திருக்கும். மாறியிருந்தால், யார் உத்தரவில், எந்தத் தேதியில், எந்தக் காரணத்துக்காக வகைமாற்றம் செய்தார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். நீர்வளத் துறையிடம் கருத்துக் கேட்டார்களா, அவர்கள் என்ன எழுதினார்கள், அந்தக் கடிதத்தின் நகல் வேண்டும் என்றும் தனியாகக் கேளுங்கள். இந்த ஒரு கடிதம் பல வழக்குகளைத் தீர்மானித்துவிடும். 'ஆட்சேபணை உண்டு' என்று எழுதியிருந்தால் அரசு தன் துறை சொன்னதையே மீறியிருக்கிறது. கடிதமே இல்லையென்றால், ஏரியைப் பற்றி யோசிக்காமலேயே முடிவெடுத்திருக்கிறது. பதிவேட்டில் பெயரை மாற்றுவதால் நிலத்தின் தன்மை மாறாது என்பது சரிதான், ஆனாலும் பழைய பதிவு உங்கள் கையில் இருக்க வேண்டும். எண்ணூர் மீனவர்கள் கழிமுகத்துக்காக இத்தனை வருடமாகப் போராடும்போது, 1996-இல் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த கடலோர வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசுகிறார்கள்.

இந்தக் கோட்பாட்டின் எல்லையையும் சொல்லிவிடுகிறேன், எதிர்த்தரப்பு வக்கீல் சொல்லித்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்றில்லை. ஏரியை அரசு தொடவே கூடாது என்று எந்தத் தீர்ப்பும் சொல்லவில்லை. குடிநீர் பம்பிங் ஸ்டேஷனுக்கு ஒரு மூலை, பாலத்துக்கு நான்கு தூண் என்று பொதுத் தேவை வரும்போது, வேறு இடம் இல்லை என்று ஆராய்ந்து, கொள்ளளவு குறையாமல் செய்தால் நீதிமன்றம் பெரும்பாலும் தலையிடாது. கமல்நாத் தீர்ப்பிலேயே இன்னொரு வரி இருக்கிறது. சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றாத நிலையில், அரசு நிர்வாகம் தானாக இயற்கை வளங்களைத் தனியார் உடைமையாகவோ வணிகப் பயனுக்கோ மாற்ற முடியாது என்பது அது. அப்படியானால் சட்டம் இயற்றினால்? தமிழ்நாட்டில் 2023-இல் சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்புச் சட்டம் வந்தது. நீர்நிலைகளை உள்ளடக்கிய பெரிய திட்டங்களுக்கு அரசு நிலத்தைச் சேர்த்துக் கொடுக்க அது வழி செய்கிறது. அந்தச் சட்டம் வந்ததில் எனக்கு மிகுந்த வருத்தம் உண்டு. ஆனால் உங்கள் விஷயத்துக்கு அது பொருந்தாது, ஏனென்றால் திட்டத்தின் பரப்பு குறைந்தது 100 ஹெக்டேராவது இருக்க வேண்டும். அது சுமார் 247 ஏக்கர். 5 ஏக்கர் யார்டுக்கு அந்தச் சட்டத்தைத் துணைக்கு அழைக்க முடியாது. ஆகவே இது வெறும் நிர்வாக முடிவுதான், பொது நம்பிக்கைக் கோட்பாடு அதன் மேல் முழு பலத்தோடு பாயும்.

இனி கரை வீடுகள். இதை எழுத எனக்கு எளிதாக இல்லை, ஆனாலும் மறைக்கக் கூடாது. ஏரியைத் தனியாருக்குக் கொடுக்கக் கூடாது என்று சொல்லும் அதே கோட்பாடு, ஏரியில் வீட்டுமனைப் பட்டாவும் கொடுக்கக் கூடாது என்கிறது. ஹிஞ்ச் லால் வழக்கில் நிலம் போனது கம்பெனிக்கு அல்ல, வீட்டுமனை வாங்கிய கிராமத்தவர்களுக்குத்தான். 2011-இல் ஜக்பால் சிங் வழக்கில், நீண்டகாலமாக இருக்கிறோம், நிறையச் செலவு செய்து கட்டிவிட்டோம் என்பதெல்லாம் பொது நிலத்தை வரன்முறைப்படுத்தக் காரணமாகாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நிலமற்ற தொழிலாளர்களுக்கோ பட்டியல் சாதி, பழங்குடியினருக்கோ அரசு அறிவிப்பின்படி கொடுத்திருந்தாலோ, பள்ளி, மருந்தகம் மாதிரிப் பொதுக் கட்டடம் ஏற்கெனவே இருந்தாலோ விதிவிலக்கு இருக்கலாம் என்று அந்தத் தீர்ப்பு ஒரு இடம் வைத்தது. ஆனால் சென்னை உயர் நீதிமன்றம் நீர்நிலை விஷயத்தில் 2005-இன் எல்.கிருஷ்ணன் வழக்கிலிருந்தே கண்டிப்பாக இருக்கிறது. வீட்டு வரி ரசீதும் மின் இணைப்பும் நீங்கள் அங்கே குடியிருந்ததைக் காட்டும், உரிமையைக் காட்டாது. "பட்டா வாங்கித் தருகிறேன்" என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம் என்று உங்கள் தங்கையிடம் சொல்லுங்கள். நீர்நிலையில் கொடுத்த பட்டாவும் ரத்தாகும்.

வழக்கில் இது எப்படி வரும் என்றால், நீங்கள் யார்டை எதிர்த்து மனுப் போட்டதும் அரசுத் தரப்பு "இந்த ஏரியில் ஏற்கெனவே நாற்பது ஆக்கிரமிப்புகள் இருக்கின்றன" என்று பதில் மனு போடும். உடனே நீதிமன்றம் "அவற்றையும் அகற்றுங்கள்" என்று சொல்லக்கூடும். இது கற்பனை இல்லை, ஏரி வழக்குகளில் வழக்கமாக நடப்பது. அதனால் கரைக்காரர்களுக்குத் தெரியாமல் நீங்கள் வழக்குப் போடக் கூடாது. முதலில் நாற்பது குடும்பத்தையும் உட்கார வைத்துப் பேசுங்கள். வீடுகள் கரையின் உட்சரிவில் இருக்கின்றனவா, வெளிச்சரிவில் இருக்கின்றனவா, இல்லை அளந்து பார்த்தால் ஏரியின் சர்வே எண்ணுக்கு வெளியே, குடியிருப்பு நிலமான பக்கத்து நத்தத்தில் விழுகின்றனவா என்று அதே சர்வேயரை வைத்து அளந்துவிடுங்கள். சில வீடுகள் ஏரி எல்லைக்கு வெளியே இருக்கவும் வாய்ப்பு உண்டு. அந்த வீடுகளின் நிலையே வேறாகிவிடும்.

ஏரிக்குள் விழும் வீடுகளுக்கும் சட்டப் பாதுகாப்பு இல்லாமல் இல்லை. பொதுப்பணித் துறையின் பொறுப்பில் இருந்த ஏரி என்றால் 2007-ஆம் வருட ஏரிகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி, மற்ற நீர்நிலை என்றால் 1905 சட்டத்தின் 7-வது பிரிவின்படி, நோட்டீஸ் கொடுத்து விளக்கம் கேட்காமல் யாரையும் வெளியேற்ற முடியாது. ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியாக, எழுத்தில், கெடுவுக்குள் பதில் கொடுக்க வேண்டும். அந்தப் பதிலில் பட்டா கேட்க வேண்டாம், மாற்று வீடு கேளுங்கள். எத்தனை வருடமாக இருக்கிறோம், வருமானம் என்ன, பிள்ளைகள் எந்தப் பள்ளியில் படிக்கிறார்கள் என்று எழுதி, வேலைக்கும் பள்ளிக்கும் போகக்கூடிய தூரத்தில் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் வீடு வேண்டும் என்று கேளுங்கள். வட சென்னையில் பிழைக்கும் குடும்பத்தைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினால் பிழைப்பு போய்விடும் என்பதை நாம் நிறையப் பார்த்துவிட்டோம். ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, பள்ளிச் சான்றிதழ் இவையெல்லாம் பட்டாவுக்கு உதவாது, இதற்கு உதவும்.

என் கருத்து, யார்டு எதிர்ப்பு மனுவிலேயே கரைக் குடும்பங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏரி முழுவதையும் மீட்க நாங்கள் தயார், மாற்று வீடு கொடுத்த பிறகு நாங்கள் நகர்கிறோம், அதற்கு முன் ஒரு கைப்பிடி நிலத்தையும் தனியாருக்குக் கொடுக்கக் கூடாது என்று அவர்கள் வாயாலேயே சொல்லட்டும். ஏழைகளை ஏரியிலிருந்து எடுத்துவிட்டு அதே ஏரியில் கம்பெனிக்கு இடம் கொடுத்தால், எந்த நீதிபதியும் அரசிடம் அதற்குக் காரணம் கேட்பார். நீங்கள் இருதரப்பாகப் பிரிந்து போனால் அந்தக் கேள்வியே எழாது.

இப்போது செய்ய வேண்டியது, ஒட்டியிருக்கும் நோட்டீஸை முதலில் போட்டோ எடுங்கள். ஆட்சேபணை கேட்கும் இந்த அறிவிப்பை வருவாய்த் துறையில் ஏ1 நோட்டீஸ் என்பார்கள். அதிலேயே கடைசித் தேதி இருக்கும். அந்தத் தேதிக்குள் மாவட்ட ஆட்சியருக்கும் தாசில்தாருக்கும் ஆட்சேபணை கொடுங்கள், நீர்வளத் துறைக்கும் மாநகராட்சிக்கும் நகல் அனுப்புங்கள், ஒப்புகை ரசீதை பத்திரமாக வையுங்கள். "ஆட்சேபணை ஏதும் வரவில்லை" என்ற ஒரு வரி கோப்பில் ஏறிவிட்டால் பிறகு அதைத் துடைப்பது பெரிய பாடு. ஆட்சேபணை நீளமாக இருக்க வேண்டாம். பழைய பதிவேட்டின் நகல், கலிங்கல் மட்டமும் தரைமட்டமும் ஒப்பிட்ட அட்டவணை, வெள்ளப் போட்டோ, கொள்ளளவுக் கணக்கு ஆகியவற்றை இணைத்து, நான் மேலே சொன்ன கமல்நாத், ஹிஞ்ச் லால் திவாரி, இன்டலெக்சுவல்ஸ் ஃபோரம் தீர்ப்புகளின் பெயரையும் எழுதினால் இரண்டு பக்கத்தில் முடிந்துவிடும்.

பதில் வராவிட்டாலோ குத்தகை உத்தரவு வந்துவிட்டாலோ, சென்னை உயர் நீதிமன்றத்தில் பொதுநல ரிட் மனு. பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாமே என்று சிலர் சொல்வார்கள். குத்தகை உத்தரவை எதிர்க்க உயர் நீதிமன்றம்தான் சரியான இடம். உத்தரவுக்கு முன்பே ராத்திரியில் கட்டட இடிபாட்டையும் சாம்பலையும் கொண்டுவந்து கொட்ட ஆரம்பித்தால், அப்போது தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அங்கே பொதுவாக ஆறு மாதக் கெடு உண்டு. உயர் நீதிமன்றத்தில் குத்தகையை ரத்து செய்யுங்கள் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். 38 ஏக்கரையும் அளந்து எல்லைக்கல் நட வேண்டும், உட்பிரிவு வகைமாற்றம் நடந்திருந்தால் பதிவேட்டை மறுபடி 'ஏரி' என்று திருத்த வேண்டும், கலிங்கலையும் வரத்துக் கால்வாயையும் சீராக்க வேண்டும், வழக்கு முடியும்வரை மண் கொட்டத் தடை வேண்டும் என்று தனித்தனிக் கோரிக்கையாகக் கேளுங்கள். குத்தகை மட்டும் ரத்தாகி நிலம் 'தரிசு' என்ற பெயரிலேயே கிடந்தால், இன்னும் இரண்டு வருடத்தில் வேறொரு டெண்டர் வரும்.

பழைய பதிவேடும் கலிங்கல் மட்ட அட்டவணையும் கிடைத்ததும் எனக்கு எழுதுங்கள். ஆட்சேபணை வரைவை அதன் பிறகு சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம்.